திரையில் மூன்று பெயர்கள்

நுழையும்முன்

உரையாடல் செயலியில் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, அதே பெட்டியில் இருக்கும் ரூபாய்க் குறியைத் தொட்டுப் பணமும் அனுப்பிவிடலாம். ஆனால், உரையாடலின் தலைப்பில் தெரியும் பெயருக்கு உரியவரும் அப்பணத்தைப் பெறப்போகிறவரும் ஒருவர்தாமா? இக்கேள்விக்குரிய விடை, பணம் கைவிட்டுப் போவதற்கு முன்பே ஒரு திரையில் தோன்றி மறைகிறது. அதனை நின்று படிப்பதெப்படி என்பதை விளக்குகிறது இப்பாடம்.

உரைநடை

ஒருவர் மற்றொருவருக்குத் திறன்பேசி வழியே உடனுக்குடன் பணம் அனுப்பும் ‘யுபிஐ’ என்னும் முறை, இந்தியாவில் 2016ஆம் ஆண்டு அறிமுகமானது. இதனை வடிவமைத்து நடத்திவருவது இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம். வாட்ஸ்அப் போன்ற உரையாடல் செயலிக்குள்ளேயே யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும் வசதி, 2020 நவம்பரில் அக்கழகத்தின் ஒப்புதலைப் பெற்றுப் படிப்படியாக விரிவடைந்தது. அதற்குமுன் பணம் அனுப்ப வேண்டுமாயின் தனிச் செயலியைத் திறக்க வேண்டும். எண்ணைத் தட்டச்சிட வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் மனம் ஒருமுறை நின்று யோசிக்கும். உரையாடலுக்குள்ளேயே பணம் வந்தபின் அவ்விடைவெளி இல்லாமற்போயிற்று. பேச்சில் பிறக்கும் இரக்கமும் பதற்றமும் சூடு ஆறுமுன்பே பணமாக மாறிவிடுகின்றன. ஏமாற்றுவோர் நம்பியிருப்பதும் இந்த விரைவைத்தான்.

பெயர்கள் மூன்று

உரையாடல் வழியே பணம் அனுப்பும்போது ஒருவர் மூன்று வகையான பெயர்களைக் காண நேரிடும். அவை எல்லாம் ஒரே திறன்பேசியில், ஏறத்தாழ ஒரே வடிவ எழுத்துகளில் தோன்றுவதால் ஒன்றே போலத் தெரிகின்றன. ஆயினும் அவற்றை எழுதியவர்கள் வேறு வேறானவர்கள்.

முதலாவது, சேமித்த பெயர். ‘அப்பா’, ‘மளிகைக் கடை’, ‘கணக்கு டீச்சர்’ என்று திறன்பேசியின் உரிமையாளரே தம் தொடர்புப் பட்டியலில் எழுதிவைத்தது இது. எந்த எண்ணுக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் இவ்வாறு எழுதலாம். எவரும் அதனைச் சரிபார்ப்பதில்லை. இரண்டாவது, முகப்புப் பெயர். எதிரில் இருப்பவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டது. குழுக்களில், சேமிக்கப்படாத எண்ணுக்கு அருகே `~` என்னும் சிறு அலைக்கோட்டுடன் இது தோன்றும். பெயரைப் போலவே முகப்புப் படத்தையும் அவரே வைத்துக்கொள்கிறார். பிறருடைய படத்தைத் தம் படமாக வைத்துக்கொள்வதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

மூன்றாவது, வங்கிப் பெயர். கணக்குத் தொடங்கும்போது அடையாளச் சான்றுகளைச் சரிபார்த்து வங்கி தன் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பெயர் இது. பணம் அனுப்புபவரோ பெறுபவரோ தம் விருப்பம்போல் இதனைத் திருத்த இயலாது. தொகையை உள்ளிட்டபின், யுபிஐ பின் எண்ணைக் கேட்கும் திரைக்கு முன்பாக இப்பெயர் தோன்றுகிறது. மூன்று பெயர்களுள் சாட்சி சொல்லத் தகுந்தது இஃது ஒன்றே. ஆனால் மிகக் குறைவாகப் படிக்கப்படுவதும் இதுவே. ஏனெனில், இத்திரை வருவதற்குள் விரல் அடுத்த பொத்தானுக்குச் சென்றுவிடுகிறது.

ஒரு மாலைப்பொழுது

இவ்வேறுபாடு நடைமுறையில் எவ்வாறு உதவும் என்பதைக் கற்பனையாக அமைத்த ஒரு நிகழ்வின் வழியே காண்போம். இதில் வரும் பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக அமைக்கப்பட்டவை.

திண்டிவனத்தில் தையற்கடை நடத்தும் ஒரு பெண்மணிக்கு, பகல்வேளையில் அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வருகிறது. முகப்புப் படத்தில் கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றில் பணிபுரியும் அவருடைய தம்பி, உறவினர் திருமணத்தில் எடுத்த படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார். “அக்கா, என் போன் தண்ணியில விழுந்துடுச்சு. இதுதான் புது நம்பர். சேவ் பண்ணிக்கோ” என்பது செய்தி. தைத்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு, அவர் அந்த எண்ணைத் ‘தம்பி புதுசு’ என்று சேமித்துக்கொள்கிறார்.

பணம் எதுவும் கேட்கப்படாத இந்த நொடியில்தான் ஏமாற்று பாதி நிறைவேறிவிட்டது. அதுவரை வெறும் பத்து இலக்கமாக இருந்த அறியாத எண், இனித் திரையில் தோன்றும்போதெல்லாம் ‘தம்பி’ என்றே தோன்றும். அப்பெயரை எழுதியவர் ஏமாற்றுபவர் அல்லர். அக்காவே தம் கையால் எழுதியிருக்கிறார். முதற்செய்தியில் பணம் கேட்காமல் எண்ணைச் சேமிக்கச் சொல்வது இதற்காகவே.

மாலை ஆறு மணிக்கு அடுத்த செய்தி வருகிறது: “அக்கா, கூட வேலை செய்யற பையனுக்கு ஆக்சிடென்ட். ஆஸ்பத்திரியில கட்டணும். பதினெட்டாயிரம் அனுப்பு, காலையில தந்துடறேன். ஐசியூ பக்கத்துல இருக்கேன், பேச முடியாது.” தீபாவளித் துணிகளுக்காக வாடிக்கையாளர்கள் தந்திருந்த முன்பணம் அவருடைய கணக்கில் இருக்கிறது. அவர் உரையாடலில் உள்ள ரூபாய்க் குறியைத் தொட்டு, `18000` என்று உள்ளிடுகிறார். அடுத்த திரையில் பெறுபவரின் பெயர் `P MAHENDRAN` என்று தோன்றுகிறது.

அருகில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவருடைய மகள், பதினொன்றாம் வகுப்பு மாணவி, எட்டிப் பார்க்கிறாள். “அம்மா, கொஞ்சம் பொறு. மாமா பேரு ஏழுமலைதானே?” என்கிறாள். தம்பியின் வங்கிப் பெயர் `S ELUMALAI` என்பது சென்ற ஆண்டு அவருக்குப் பணம் அனுப்பிய பதிவிலேயே இருக்கிறது. தாய் தயங்கி, “பேரு வேற காட்டுதே?” என்று கேட்டு எழுதுகிறார். உடனே விடை வருகிறது: “அது ஃபிரண்டோட அக்கவுன்ட்தான் அக்கா. சீக்கிரம்.”

கேட்பதற்கு இவ்விடை பொருத்தமாகவே இருக்கிறது. நண்பர் கணக்கில் பணம் பெறுவது உலகில் நடக்காததன்று. ஆயினும் இவ்விடத்தில் அது பொருந்தாது. தாய் எந்த யுபிஐ முகவரியையும் தட்டச்சிடவில்லை. கியூஆர் குறியீட்டையும் பதிவிடவில்லை. உரையாடலுக்குள்ளிருந்தே அனுப்பினார். அவ்வாறு அனுப்பும்போது பணம் அந்த உரையாடலுக்குரிய திறன்பேசி எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்கே செல்லும். ஓர் எண்ணை யுபிஐயில் பதிவு செய்ய வேண்டுமாயின், அவ்வெண் வங்கிக் கணக்கில் உரியவரின் எண்ணாக ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும். ஆகவே, அந்த எண்ணே மகேந்திரன் என்பவரின் கணக்கில் பதிவான எண். தம்பி புதிதாக வாங்கிய எண் என்பதும், அது நண்பரின் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பதும் ஒருசேர உண்மையாக இருப்பது அரிது.

மகள் இன்னொன்றையும் கவனிக்கிறாள். திறன்பேசி நீரில் விழுந்தால் கருவிதான் பழுதாகும். எண் மாற வேண்டிய தேவையில்லை. சிம் அட்டையை எடுத்து வேறொரு கருவியில் பொருத்தினால் பழைய எண்ணே வேலை செய்யும். அட்டையே கெட்டுப்போனாலும் அதே எண்ணில் மாற்று அட்டை பெறலாம். ‘கருவி பழுது, ஆகவே புது எண்’ என்னும் கதை பல ஏமாற்றுகளில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், பழைய எண்ணுக்கு அழைத்துப் பார்க்க வேண்டாம் என்று அது சொல்லாமற் சொல்வதே.

பழைய எண்ணுக்கு அழைக்கிறார்கள். மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. இந்த மௌனமே பலரையும் தவறான முடிவுக்குத் தள்ளிவிடும். மகள் அத்தையின் எண்ணை அழைக்கச் சொல்கிறாள். “அவரு ஷிஃப்ட்ல இருக்காரு அண்ணி. போனை லாக்கர்ல வெச்சிருப்பாரு. ஏன், என்ன ஆச்சு?” என்கிறார் தம்பியின் மனைவி. நீரில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட திறன்பேசி, ஆலையின் அலமாரிப் பெட்டியில் மணியடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதே நேரத்தில் ‘தம்பி புதுசு’ என்னும் உரையாடலில் மற்றொரு யோசனை வந்திருக்கிறது: “சந்தேகமா இருந்தா ஒரு ரூபா அனுப்பிப் பாரு அக்கா, வந்துச்சான்னு சொல்றேன்.” ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிக்கும் பழக்கம் பலரிடமும் உள்ளது. அந்தக் கணக்கு இயங்குகிறது என்பதை மட்டுமே அது மெய்ப்பிக்கும். கணக்கு யாருடையது என்பதையன்று. ‘வந்துவிட்டது’ என்று விடை சொல்பவர் ஏமாற்றுபவராகவே இருக்கும்போது, அச்சோதனை ஐயத்தைப் போக்காது. ஆறுதலை மட்டும் தரும்.

வங்கிப் பெயர் திரைக்கு வரும் வழி

பணம் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயர் எப்படித் தெரிகிறது? தொகையை உள்ளிடும் அந்தச் சில நொடிகளில், செயலி ஒரு வினாவைக் கொடுப்பனவுக் கழகத்தின் வலையமைப்புக்கு அனுப்புகிறது: ‘இம்முகவரிக்கு உரிய கணக்கு உண்டா? யார் பெயரில்?’ அவ்வினா பெறுபவரின் பக்கத்துக்குச் சென்று, பெயரோடு திரும்புகிறது. இந்தப் போக்குவரத்தில் பணம் எதுவும் நகர்வதில்லை. பெயரைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினால் இழப்பு ஒன்றுமில்லை. அனுப்புபவர் ஒப்புதல் தந்த பிறகே பணம் நகரும்.

ஒரு காலத்தில் இத்திரையில் தோன்றும் பெயர் எப்போதும் வங்கிப் பெயராக இருக்கவில்லை. சில செயலிகள் தொடர்புப் பட்டியலில் சேமித்த பெயரைக் காட்டின. சில, கியூஆர் குறியீட்டிலேயே எழுதப்பட்டிருந்த பெயரைக் காட்டின. இரண்டாவதில் உள்ள இடர்ப்பாட்டை அறிய, அக்குறியீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் தெரியும் அப்படம், உண்மையில் பின்வருவது போன்ற ஒரு வரியே:

```
upi://pay?pa=abc123@bank&pn=ARASU%20MARUTHUVAMANAI&am=18000&cu=INR
```

இதில் `pa` என்பது பணம் சென்று சேரும் முகவரி. `am` என்பது தொகை. `pn` என்பது பெறுபவரின் பெயர். முகவரி பொய்யாக இருந்தால் பணம் போய்ச்சேராது. ஆனால் `pn` என்பதற்குப்பின் எதை எழுதினாலும் குறியீடு வேலை செய்யும். அரசு மருத்துவமனை என்று எழுதுவதற்கு மருத்துவமனையின் ஒப்புதல் தேவையில்லை. கடிதத்தின் உறைமேல் அனுப்புநர் தம் விருப்பம்போல் எழுதும் பெயரைப் போன்றது அது.

இவ்வோட்டையை அடைக்கும்பொருட்டு, கொடுப்பனவுக் கழகம் 2025 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தனியாள் ஒருவர் மற்றொருவருக்கோ சிறுவணிகருக்கோ யுபிஐ வழியே பணம் அனுப்பும்போது, வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே பணம் செலுத்துமுன் காட்ட வேண்டும் என்றும், கியூஆர் குறியீட்டிலிருந்து எடுத்த பெயரையோ பயனரே சூட்டிக்கொண்ட பெயரையோ காட்டலாகாது என்றும் அது வரையறுத்தது. 2025 ஜூன் 30ஆம் நாளுக்குள் செயலிகள் இதனை நிறைவேற்ற வேண்டும் எனக் காலக்கெடுவும் விதித்தது. திண்டிவனத்துத் திரையில் ‘தம்பி புதுசு’ என்பதற்கு மாறாக `P MAHENDRAN` என்று தோன்றியதற்குக் காரணம் இதுவே.

அதே ஆண்டில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. முன்பெல்லாம் ஒருவர் மற்றொருவருக்கு யுபிஐ வழியே ‘பணம் கோரும் வேண்டுகை’ அனுப்ப இயலும். அது பெறுபவரின் திரையில் தோன்றும்; பின் எண்ணை உள்ளிட்டால் பணம் போய்விடும். ‘உங்களுக்குப் பரிசு வந்துள்ளது, பெற்றுக்கொள்ளப் பின் எண்ணை இடுக’ என்று சொல்லி இதனைப் பலர் தவறாகப் பயன்படுத்தினர். தனியாள்களுக்கிடையிலான இவ்வேண்டுகை முறையை 2025 அக்டோபர் முதல் கழகம் நிறுத்திவிட்டது. அதனால் இன்று ஏமாற்றுவோர் வேண்டுகையை உரையாடற் செய்தியாகவும், கியூஆர் படமாகவும் அனுப்புகின்றனர். வழி மாறினாலும் பின் எண்ணின் இயல்பு மாறவில்லை: அது பணம் வெளியே செல்வதற்குரிய ஒப்புதல். பணம் பெறுவதற்கு எந்த நிலையிலும் பின் எண் தேவைப்படாது.

தெரிந்து தெளிவோம்

யுபிஐ பின் எண் 4 அல்லது 6 இலக்கங்களைக் கொண்டது. அதனைக் கேட்கும் திரை உரையாடல் செயலிக்கு உரியதன்று. கொடுப்பனவுக் கழகம் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக அளித்துள்ள பக்கம் அது. பெறுபவரின் பெயரும் தொகையும் அப்பக்கத்திலும் மீண்டும் ஒருமுறை காட்டப்படும்.

பெயர் பொருந்தாத நேரங்கள்

பெயர் மாறிக் காட்டினாலே அது ஏமாற்று என்று முடிவு கட்டுவதும் சரியன்று. தமிழ்நாட்டில் இச்சிக்கல் சற்று மிகுதி. வீட்டில் ‘பாபு’ என்று அழைக்கப்படுபவர் பள்ளிச் சான்றிதழில் வெங்கடேசனாக இருப்பார். தலைப்பெழுத்து சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் வரும். `S ELUMALAI`, `ELUMALAI S` ஆகிய இரண்டும் ஒருவரையே குறிக்கலாம். தலைப்பெழுத்துக்கு மாறாகத் தந்தையின் முழுப்பெயர் நிற்பதும் உண்டு. அப்போது தந்தையின் பெயர் மட்டுமே கண்ணில் படும். ‘ழ’கரத்தை எழுதுவதில் ஒவ்வொரு வங்கி அலுவலருக்கும் ஒவ்வொரு முறை. ‘அன்னை ஸ்டோர்ஸ்’ என்னும் கடையின் குறியீட்டில் உரிமையாளரின் மனைவி பெயர் வருவது அன்றாடம் காணக்கூடியதே.

ஆகவே, பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. பொருந்தாமைக்குக் காரணம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம், “திரையில் சரசுவதி என்று வருகிறதே?” என்று கேட்டால் அவர் நேரில் நின்று விடை சொல்வார், கணக்கில் பணம் வந்ததையும் அங்கேயே பார்ப்பார். உரையாடலில் வந்த ஐயத்துக்கு அதே உரையாடலில் விடை கேட்பது இதனின் வேறானது. அங்கு விடை சொல்பவர் ஐயத்துக்கு உரியவரே. திண்டிவனத்து நிகழ்வில் தாய் கேட்ட கேள்வி சரியானதே. கேட்ட இடம்தான் தவறானது. மகள் மற்றொரு வழியில், பழைய எண்ணிலும் அத்தையிடமும் கேட்டாள்.

பெயர் பொருந்தாதபோது ஐயம் எழுவது இயல்பு. பெயரே அறியாதபோது என்ன செய்வது? நண்பனின் நண்பனுக்கோ, வாடகைக்கு வீடு தருவதாகச் சொல்பவருக்கோ அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயரை ஒப்பிட முன்பதிவு எதுவும் இராது. அந்நிலையில், ‘உங்கள் வங்கிக் கணக்கில் பெயர் எப்படி உள்ளது?’ என்று முதலில் கேட்டுப் பெற்றுக்கொண்டு, அதன்பின் தொகையை உள்ளிட வேண்டும். திரையில் பார்த்துவிட்டு, ‘மகேந்திரன் என்று வருகிறது, நீங்கள்தானே?’ என்று கேட்டால், ‘ஆம்’ என்னும் விடை யாருக்கும் எளிது.

உண்மையான எண்ணிலிருந்து வரும் பொய்

இதுவரை கண்டது அறியாத எண், அறிந்த முகம் அணிந்து வருவது. இதனினும் கடினமானது, அறிந்த எண்ணிலிருந்தே பொய்ச்செய்தி வருவது. ஒருவருடைய வாட்ஸ்அப் கணக்கைப் புதிய கருவியில் திறக்க வேண்டுமாயின், அவருடைய எண்ணுக்கு வரும் 6 இலக்கக் குறியெண் தேவை. ‘தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு குறியெண் வந்துவிட்டது, அனுப்புங்கள்’ என்று கேட்டு அதனைப் பெற்றுக்கொள்பவர் கணக்கையே கைப்பற்றிவிடுகிறார். அதன்பின் அவர் எழுதும் செய்திகள், உறவினர்களுக்கு அதே எண்ணிலிருந்து, அதே பெயரில், பல ஆண்டுகளாக நடந்துவரும் அதே உரையாடலில் சென்று சேரும். சேமித்த பெயர் உண்மை, எண் உண்மை, எழுதுபவர் மட்டும் வேறு.

இங்கும் வங்கிப் பெயரே உதவுகிறது; ஆனால் அது வெளிப்படும் விதம் சுவையானது. உரையாடல் கைமாறினாலும் அந்த எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கு உரியவரிடமே இருக்கிறது. ஆகையால், உரையாடலுக்குள் ரூபாய்க் குறியைத் தொட்டு அனுப்பினால் பணம் உண்மையான உறவினருக்குத்தான் போகும். அது கைப்பற்றியவருக்குப் பயன்படாது. எனவே அவர் கட்டாயம் பணத்தை வேறு திசைக்குத் திருப்ப முயல்வார்: “என் யுபிஐ வேலை செய்யல, இந்த நம்பருக்குப் போடு”, “இந்த கியூஆர ஸ்கேன் பண்ணு.” அறிந்தவரின் உரையாடலில் இருந்துகொண்டே பணம் மட்டும் அறியாத முகவரிக்குத் திருப்பப்படும் இந்தத் திருப்பமே இவ்வகை ஏமாற்றின் அடையாளம். அந்த முகவரியை உள்ளிட்டதும் தோன்றும் வங்கிப் பெயர் உறவினருடையதாக இராது. அப்போது செய்ய வேண்டியது குரல்வழி அழைப்பு. அதுவும் வாட்ஸ்அப் வழியே அன்று, சிம் வழியே செல்லும் வழக்கமான அழைப்பு. கைப்பற்றப்பட்டது வாட்ஸ்அப் கணக்கே; சிம் அட்டை உரியவரிடம்தான் இருக்கும்.

கணக்கு கைமாறாமல் காக்க, வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்னும் வசதி உள்ளது. அதனை இயக்கிவைத்தால், குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியெண் மட்டும் போதாது; பயனர் தாமே அமைத்த மற்றொரு 6 இலக்க எண்ணும் வேண்டும். முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளோர் மட்டுமே காணுமாறு அமைப்பது, படத்தை எடுத்துப் போலி முகம் செய்வதைக் கடினமாக்கும். எனினும் திருமணப் படங்கள் வேறு சமூக ஊடகங்களில் எல்லாருக்கும் திறந்து கிடக்கும்போது, இக்காவலின் பயன் சிறிதே.

வங்கிப் பெயருக்கும் ஓர் எல்லை

வங்கிப் பெயர் கணக்குக்கு உரியவரைச் சொல்கிறது. அக்கணக்கை இயக்குபவரைச் சொல்வதில்லை. திண்டிவனத்துத் திரையில் தோன்றிய மகேந்திரன்தான் ஏமாற்றுக்காரர் என்று முடிவு செய்ய இயலாது. ஏமாற்றுவோர் தம் சொந்தக் கணக்கில் பணம் பெறுவது அரிது. பிறருடைய கணக்குகளைச் சிறு தொகைக்கு வாடகைபோல் பெற்று, அவற்றின் வழியே பணத்தைக் கடத்துகின்றனர்.

பெரும்பாலும் இளைஞர்களை நோக்கியே இந்த வலை வீசப்படுகிறது. ‘உன் கணக்கில் பணம் வரும், எடுத்துத் தந்தால் போதும், ஆயிரத்துக்கு இவ்வளவு உனக்கு’ என்று கேட்டு, வங்கி அட்டையையும் சிம் அட்டையையும் வாங்கிக்கொள்வர். கல்லூரிச் செலவுக்காக இதற்கு இசைந்த ஒருவரின் பெயரே, எங்கோ ஒரு தாயின் திரையில் பெறுபவராகத் தோன்றும். புகார் எழும்போது முடக்கப்படுவது அவருடைய கணக்கு. காவல்துறை முதலில் தேடிவருவது அவருடைய முகவரியை. பணத்தை எடுத்துச் சென்றவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது.

பணம் போனபின்

பின் எண்ணை உள்ளிட்டுவிட்டால் யுபிஐயில் பணம் சில நொடிகளில் சென்று சேர்ந்துவிடும். அனுப்பியவர் அதனைத் தாமே திரும்பப் பெறும் பொத்தான் எதுவும் இல்லை. உரிமையாளரே பின் எண்ணை இட்டு ஒப்புதல் தந்திருப்பதால், தன் பக்கத்தில் தவறு நேரவில்லை என்றே வங்கியும் கொள்ளும்.

இருப்பினும் முழுதும் கைவிட வேண்டியதில்லை. சென்ற பணம் முதற்கணக்கில் நெடுநேரம் தங்காது. அங்கிருந்து வேறு கணக்குகளுக்குப் பிரிந்து, இறுதியில் ரொக்கமாக எடுக்கப்படும். அது ரொக்கமாவதற்கு முன் ஏதேனும் ஒரு கணக்கில் மறித்துவிட்டால் மீட்க வழியுண்டு. இதற்காகவே 1930 என்னும் தேசிய உதவி எண் இயங்குகிறது. அங்குப் பதிவாகும் புகார், தொடர்புடைய வங்கிகளுக்கு உடனே தெரிவிக்கப்படுகிறது. எஞ்சியிருக்கும் தொகையை அவை நிறுத்திவைக்கின்றன. `cybercrime.gov.in` என்னும் தளத்திலும் புகாரைப் பதியலாம். வீட்டில் திட்டுவார்களே என்று அஞ்சி ஓர் இரவு கழித்துச் சொல்வதற்கும், பத்து நிமிடத்தில் அழைப்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் முழுத்தொகையின் அளவு.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியது, அப்பரிமாற்றத்தின் 12 இலக்க யுபிஐ எண். உரையாடலில் பணம் அனுப்பிய குமிழைத் தொட்டால் விவரப் பக்கத்தில் அது இருக்கும். வங்கிக் கணக்கின் பதிவிலும் காணலாம். அனுப்பிய நேரம், தொகை, திரையில் தோன்றிய வங்கிப் பெயர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். சினத்தில் அந்த உரையாடலை அழித்துவிடுபவர் பலர். அதிலுள்ள எண்ணும் செய்திகளும் கியூஆர் படமுமே காவல்துறைக்குக் கிடைக்கும் முதற்சான்றுகள் என்பதால், எண்ணைத் தடைசெய்வதற்கு முன் அவற்றைத் திரைப்படி எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் அண்மையில் பணம் அனுப்பிய ஐந்து பரிமாற்றங்களை அவருடைய இசைவுடன் பார்க்க. சேமித்த பெயரும் வங்கிப் பெயரும் எவற்றில் வேறுபடுகின்றன என்பதையும் வேறுபாட்டுக்கான காரணத்தையும் அட்டவணைப்படுத்துக. பின் எண்ணையோ கணக்கு இருப்பையோ கேட்கவோ குறிக்கவோ வேண்டா.

2. “போன் ரிப்பேர், இது புது நம்பர்” என்று உறவினரின் படத்துடன் ஒரு செய்தி வந்தால், அவர்தாம் எழுதுகிறாரா என்பதை அந்த உரையாடலுக்கு வெளியே உறுதி செய்யும் வழிகளை உங்கள் குடும்பத்தாருடன் பேசி முடிவு செய்து, வகுப்பில் எடுத்துரைக்க.